இறுகும் பாவு

மண்மேடு இடம் மாறியிருந்தது.

காசிநாதன் வண்டியை நிறுத்தும் முன்பே அதைக் கவனித்துவிட்டார். நேற்று சாயங்காலம் குழியின் விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிவிட்டுப் போன மண் அது. இப்போது விளிம்பை ஒட்டி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் அடி மணல் பொலபொலவென்று குழிக்குள் வழிந்திருந்தது.

யார் செய்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடைக்கான குழி செவிலிமேட்டுச் சாலையின் ஓரமாகப் போகிறது. நெசவுத் தெரு ஒன்று அந்தச் சாலையில் வந்து முட்டுகிறது. தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு, தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு இழைகள், விரித்துக் கட்டியிருந்தார்கள். குறுக்கே மூங்கில்கள் தாங்க, ஈரக் கஞ்சி மினுமினுக்க, ஆயிரக்கணக்கான இழைகள் குழியை நோக்கி நேராக வந்தன. முனையில் ஒரு கயிறு. கயிறு ஒரு கடப்பாரையில். கடப்பாரையை நட்டிருந்த இடத்தில்தான் நேற்று மண் கிடந்தது.

பாவுக்குக் கடைசி ஐந்தடி போதவில்லை. அதனால் விடியற்காலையில் மண்ணைத் தள்ளிவிட்டார்கள். பட்டில் தூசி படியக்கூடாது என்று அந்த இடத்தில் தண்ணீரும் தெளித்திருந்தார்கள்.

"யாருங்க இந்த மண்ணத் தள்ளனது?"

கயிற்று முனையில் நின்றிருந்த வேல்முருகன் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.

"நாங்கதான். தெரு எங்களுதுபா. ஒரு வாரமா உங்க மண்ணால பாவு போட முடியல. இன்னிக்கு ஒரு காலைதானே?"

"தள்ளனீங்க, சரி. விளிம்புலயா தள்ளுவீங்க? உள்ள ஆளு எறங்கி வேல செய்யணும்."

"ரோட்டுல தள்ளுனா பஸ்ஸு போவ வாணாமா?"

டவுன் பஸ் ஒன்று அப்போதுதான் போயிற்று. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. காசிநாதனுக்கு அது பிடிக்கவில்லை.

இந்த மண்ணே அவருக்குப் பிடிக்கவில்லை. மேலே இரண்டடி சாலைக் கல்லும் செம்மண்ணும். அதற்குக் கீழே வெறும் ஆற்று மணல். எப்போதோ இந்த வழியாக ஒரு ஓடை போயிருக்கிறது. பாலாற்று மணலைக் கொட்டித் தூர்த்து, மேலே சாலை போட்டுவிட்டார்கள். ஈரமாக இருக்கும்வரை இந்த மணல் சுவர் மாதிரி நிற்கும். வெட்டும்போது பார்ப்பவன் கெட்டி மண் என்றே நம்புவான். வெயிலில் காய்ந்தாலும் விழும், தண்ணீர் அதிகமானாலும் விழும். எப்போது என்று சொல்லாது.

குழி ஒன்பதடி ஆழம். இருபுறமும் இரும்புத் தகடுகளை இறக்கி, இரண்டுக்கும் இடையில் திருகு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்திருந்தார். தகடு இருக்கும் இடத்தில் பயமில்லை. தெருமுனைக்கு நேர் எதிரே மட்டும் எட்டடிக்குத் தகடு இல்லை. அங்கே ஒரு குடிநீர்க் குழாயும் டெலிபோன் கேபிளும் குறுக்கே போயின. தகட்டை மேலிருந்து இறக்க வழியில்லை. அதற்குப் பதிலாகப் பலகைகளைப் படுக்க வைத்து, ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து இறங்க வேண்டும். பலகை கேட்டு நாலு நாளாயிற்று. இன்று வருகிறது என்றார்கள். ஜேசிபியோடு வரும். ஜேசிபி ஐயம்பேட்டையில் வேறு வேலையில் இருந்தது.

அந்த எட்டடியில் ஒரே ஒரு குழாய் இணைக்க வேண்டும்.

ஆட்டோவிலிருந்து அவருடைய ஆட்கள் இறங்கினார்கள். முன்னால் விமல்ராஜ். காசிநாதனின் மனைவிக்குத் தம்பி. முப்பது வயது. குழாய் போடுவதில் அவனை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று அவனே சொல்லுவான். பின்னால் முனிசாமி, பெரிய தொந்தி, வாயில் வெற்றிலை.

"இன்னா மாமா, காலையிலயே மொறைச்சிக்கினு நிக்கற?" என்றான் விமல்ராஜ். "மேடு நடந்து வந்துட்டுதா?"

"யாரும் எறங்க வாணாம். மண்ண முதல்ல தள்ளணும்."

"எதுல தள்ளுவ? ஜேசிபி பத்து மணிக்கு மேலதான். மம்மட்டில தள்ளணும்னா மத்தியானம் ஆயிடும்."

முனிசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "விரிசல் மேஸ்திரி ஆரம்பிச்சிட்டாருப்பா. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். அந்தப் பெயர் வந்து பத்து நாள் இருக்கும். முதலில் ஒரு நாள், இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருந்து மணல் ஒழுகுகிறது என்று எல்லோரையும் மேலே ஏற்றினார். ஒன்றும் விழவில்லை. இரண்டாவது தடவை ஜாக்கி ஒன்று முனகுகிறது என்று அரை நாள் நிறுத்தினார். அதுவும் விழவில்லை. ஜாக்கியைக் கழற்றிப் பார்த்தால் திருகில் எண்ணெய் இல்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கம்பெனியின் இன்ஜினியர் அபிநவ் வந்து தனியாகக் கூப்பிட்டார். சின்னக் காஞ்சிபுரத்துப் பையன். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேஸ்திரி, நிறுத்தறது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா மேலே கேக்கறா. இன்னொரு தடவை காரணமில்லாம நின்னா, இந்த லைனை வேற செட்டுக்குக் குடுத்துடுவா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பதினோரு பேரின் வேலை. தென்னேரியிலிருந்து தினமும் வருகிறவர்கள். அதில் ஐந்து பேர் சொந்தக்காரர்கள்.

காசிநாதன் விளிம்போடு நடந்தார். தினமும் ஆட்களை இறக்கும் முன் நடப்பதுதான். தரையில் விளிம்புக்கு இணையாகக் கோடு ஏதாவது ஓடுகிறதா. தகடு எங்காவது உள்பக்கம் புடைத்திருக்கிறதா. அடியில் புது மணல் கொட்டியிருக்கிறதா. ஜாக்கிகளைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். இன்று சத்தம் சரியாக இருந்தது. தகடுகள் நேராக இருந்தன. ஆனால் தெருமுனையில் பார்க்க ஒன்றுமில்லை. விளிம்பு குவிந்த மண்ணுக்கு அடியில் கிடந்தது. அதற்குப் பின்னால் மிதித்துக் குழப்பிய ஈர மணல். கோடு இருந்தாலும் தெரியாது.

அதனால்தான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கெட்டது தெரிந்தால் நிறுத்திவிடலாம். நல்லது தெரிந்தால் இறக்கிவிடலாம். இங்கே இரண்டும் தெரியவில்லை.

"மாமா," என்றான் விமல்ராஜ். குரலில் கேலி இல்லை. "ஒரே ஜாயின்ட். வளையத்த மாட்டி, கட்டைய வெச்சி நாலு தட்டு. அரை மணி நேரம். அப்பறம் நீ எத்தினி நாள் வேணா நிறுத்து."

காசிநாதன் ஒரு கணம் யோசித்தார். யோசித்ததில் மண் வரவில்லை, அபிநவின் முகம்தான் வந்தது.

"தகடு இருக்கற பக்கமே எறங்கு. ஏணிய அங்கதான் வெச்சிருக்குது. ஜாயின்ட் முடிஞ்சதும் தகட்டுக்குள்ள வந்து நில்லு. முனிசாமி தகட்டுக்குள்ளயே நின்னு குழாயத் தாங்கட்டும். மத்தவன்லாம் அந்த மண்ணத் தள்ளுங்கடா. குழிப் பக்கம் நிக்காதீங்க, தெருப் பக்கம் நின்னு இழுங்க."

சொல்லி முடித்ததும் தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் விமல்ராஜின் ஹெல்மெட் தகடுகளுக்கு இடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

குழியின் எதிர்ப்பக்கம், சாலை ஓரத்தில், காசிநாதன் நின்றார். நிற்க முடியவில்லை. நாலடி போனார், திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் தகடில்லாத சுவர் முழுவதும் தெரிந்தது. பழுப்பு மணல். கத்தியால் வெட்டியது போன்ற நேர்த்தி. நடுவில் குடிநீர்க் குழாய். அதற்குக் கீழே விமல்ராஜ் குனிந்து குழாய் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்கும் சுவருக்கும் ஒரு முழம் இடைவெளி.

இடுப்புவரை மண் மூடினாலே ஆளைத் தூக்க முடியாது. மார்புவரை மூடினால் முகம் வெளியே இருந்தும் மூச்சு இழுக்க முடியாது. ஒரு கூடை மண்ணைத் தலையில் சுமக்கிறவனுக்கு அது எடையாகத் தெரிவதில்லை. ஒரு சுவர் மண் என்பது லாரி.

தெருவில் ஒரு பெண் குரல் உயர்ந்தது.

"யோவ், கயித்த ஏன் இழுக்கற? இழை அறுந்துக்கினு இருக்குது!"

பாவின் அந்தக் கோடியில், வீட்டு வாசலருகே, தில்லையம்மாள் நின்றிருந்தாள். வேல்முருகனின் மனைவி. கையில் அறுந்த இழையின் இரு நுனிகள்.

"நான் எங்க இழுத்தேன்?" என்றார் வேல்முருகன். "சும்மாதான் நின்னுக்கினு இருக்கேன்."

"சும்மா நிக்கறவன் கை எதுக்குக் கயித்து மேல இருக்குது?"

"தொட்டுக்கினு இருக்கேன்மா. தொட்டா அறுந்துடுமா உன் பட்டு?"

"நீ தொட்டா எதுதான் அறுந்துடல? தளத்துய்யா!"

அவர் முனகிக்கொண்டே முடிச்சை ஒரு விரல்கடை தளர்த்தினார். பாவு லேசாகத் தொய்ந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பல்துலக்கிக்கொண்டே, "கஞ்சி காயுதுபா. காஞ்சா இறுகும்," என்றார்.

காசிநாதன் அதைக் கேட்டார், ஆனால் மனதில் வாங்கவில்லை. விமல்ராஜ் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தான். முனிசாமி தகடுகளுக்கு நடுவிலிருந்து குழாயின் வாலைத் தூக்கிப் பிடித்தார். மேலே நாலு பேர் மம்மட்டியால் மண்ணைத் தெருப் பக்கம் இழுத்தார்கள். கால்வாசிகூடக் குறையவில்லை. சுவரிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு மண்கட்டி உதிர்ந்து விமல்ராஜின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இன்னாடா அது?"

"ஒண்ணுமில்ல மாமா. சாமி பூப் போடுது."

"இன்னும் எவ்ளோ?"

"நீ கேட்டுக்கினே இருந்தா நாளைக்கு ஆகும்."

"யோவ்!" தில்லையம்மாள் மறுபடியும் கத்தினாள். "தளத்துன்னா இறுக்கற? மூணு இழை போச்சு!"

"அடி ஆத்தா, நான் கையே வெக்கலடி! நல்லாப் பாரு, ரெண்டு கையும் பின்னால கட்டிக்கினு நிக்கறேன்!"

"அப்ப இன்னா, பேய் இழுக்குதா?"

"வெயிலு இழுக்குது. கஞ்சி காயுதுன்னு அவர்தான் சொன்னாரே."

காசிநாதன் தலையைத் தூக்கினார்.

தெருவில் வெயில் இல்லை. கிழக்குப் பக்கத்து மாடி வீடுகளின் நிழல் தெரு முழுவதும் நீளமாகக் கிடந்தது. பாவு இன்னும் ஈரமாக மின்னியது. காயாத கஞ்சி எப்படி இறுக்கும்?

அவர் கயிற்றைப் பார்த்தார். நரம்புபோல் விறைத்திருந்தது. கயிற்றிலிருந்து கடப்பாரையைப் பார்த்தார். பாவு அதைத் தெருப் பக்கம் இழுக்கிறது. சாய்ந்தால் அது தெருப் பக்கம்தான் சாய வேண்டும். சாய்ந்திருந்தது. ஆனால் குழியின் பக்கம்.

கடப்பாரையை யாரும் இழுக்கவில்லை. அது நிற்கிற தரை நகர்கிறது.

அதற்குப் பின்னால், அவர்கள் தூசிக்காகத் தண்ணீர் தெளித்த இடத்தில், ஈரம் அங்கங்கே சிறு சிறு குட்டையாகப் பளபளத்தது. ஒரு கோட்டில் மட்டும் இல்லை. கடப்பாரைக்கு ஒரு முழம் பின்னால், குழிக்கு இணையாக, தெருவின் அகலத்துக்கு ஒரு மங்கலான கோடு. அந்தக் கோட்டில் தண்ணீர் தேங்கவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மம்மட்டியப் போட்டுட்டுப் பின்னால போங்க!" என்று கத்தினார். "கோட்டுக்கு அந்தாண்ட! தெருவுக்குள்ள! யோவ், நீங்களும்!"

மேலே நின்ற நாலு பேரும் அவர் குரலைக் கேட்டே ஓடினார்கள். வேல்முருகன் கயிற்றைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், ஓடினார்.

"முனிசாமி, மேல வா!"

முனிசாமி ஏணியருகில்தான் நின்றிருந்தார். குழாயை விட்டார். அந்தத் தொந்தியோடு அவர் அவ்வளவு வேகமாக ஏறுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"விமலு! தகட்டுக்குள்ள வந்து ஏறு!"

"முடிஞ்சுது மாமா. ரெண்டு தட்டு."

"விட்டுட்டு வாடா!"

"வளையம் பாதி உக்காந்துட்டுது. இப்ப விட்டா பிதுங்கிடும். மறுபடியும் முதல்லேருந்து. ரெண்டே தட்டு." அவன் கட்டையை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். அடி விழுந்தது. சுவரில் ஒரு கை அகலத்துக்கு மணல் சரசரவென்று இறங்கி நின்றது.

"தட்டாத!"

"நீ கத்தாத. ஆடு மாதிரி கத்தனா வேல ஓடுமா?"

காசிநாதன் ஏணிப் பக்கம் ஓடினார். ஒரு காலை ஏணியில் வைத்தார். வைத்த காலை எடுத்தார். இறங்கினால் இரண்டு பேர். அவனைப் பிடித்து இழுக்க அந்த எட்டடிக்குள் போக வேண்டும். மேலே நிற்கிறவர்கள் இரண்டு பேரையும் தோண்ட வருவார்கள். அப்புறம் நாலு பேர்.

பயம் காட்டினால் இவன் வரமாட்டான். பத்து நாளாகப் பயத்தைக் காட்டியே அது செல்லாக் காசாகிவிட்டது. அக்கா பெயரைச் சொன்னால் சிரிப்பான். கும்பிட்டால் இன்னும் சிரிப்பான்.

காசிநாதன் மூச்சை இழுத்தார். குரலைத் தணித்துக்கொண்டார். சலிப்பாகச் சொன்னார்:

"அதத் தட்டி இன்னாடா புண்ணியம்? நீ நேத்து போட்டதே கோணல்."

சுத்தியல் நின்றது. "இன்னாது?"

"கோணல். மேலேருந்து பாத்தா நல்லாத் தெரியுது. ரெண்டு விரக்கட தெக்கால போயிருக்குது."

"யாரு போட்ட குழாயி கோணல்?"

"நீ போட்டது. நூலப் புடிச்சிப் பாத்துட்டேன். இன்ஜினியர் வந்தா கழட்டச் சொல்வாரு. நீ இத வேற தட்டிக்கினு கெடக்கற."

"மாமா, வாய அளந்து பேசு."

"வந்து பாரு. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

விமல்ராஜ் சுத்தியலைச் சுவரோரம் எறிந்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். குடிநீர்க் குழாய்க்கு அடியில் குனிந்து, தகடுகளுக்கு இடையில் வந்து, ஏணியைப் பிடித்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. தலை வெளியே வந்தது. மார்பு வந்தது. கடைசிப் படியில் காசிநாதன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சாலைக்கு இழுத்தார். இருவரும் தடுப்புப் பலகைமேல் விழுந்தார்கள்.

"எங்க கோணல்? காட்டு! எங்க கோணல்?"

"கோணல் இல்ல."

"இன்னா?"

"நேராத்தான் இருக்குது. உக்காரு."

விமல்ராஜ் அவரைப் பார்த்தான். எழுந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். சுவர் நின்றது. குடிநீர்க் குழாய் நின்றது. பாதி உட்கார்ந்த வளையம் பிதுங்கத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணும் உழலியே," என்றான்.

ஒன்றும் விழவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. விழவில்லை. ஆட்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். முனிசாமி புது வெற்றிலை போட்டார். பஸ் ஒன்று வந்தது. காசிநாதன் கையைக் காட்டி, அந்தப் பக்கமாகப் போகச் சொன்னார். டிரைவர் திட்டிவிட்டுப் போனார். தில்லையம்மாள் தெருவுக்குள்ளிருந்து கேட்டாள்: "பாவ எடுக்கலாமா, விடலாமா? எதுனா ஒண்ணு சொல்லுங்க. கஞ்சி நெசமாவே காயுது."

"அந்த முனையிலேயே அறுத்து உட்டுருங்கம்மா. இந்தப் பக்கம் வராதீங்க."

"அறுக்கறதா? நாலு புடவைப் பாவுங்க!"

"கயித்தச் சொல்றேன். இழைய இல்ல. தள்ளி நின்னு அறுங்க."

வேல்முருகன் நீளமான மூங்கிலின் நுனியில் அரிவாளைக் கட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கயிற்றை அறுத்தார். விறைத்திருந்த கயிறு படீரென்று சுருண்டது. பாவு தரையில் விழும் முன் நாலைந்து பெண்கள் ஓடிவந்து ஏந்திக்கொண்டார்கள். கடப்பாரை தன் இடத்தில் நின்றது, சாய்ந்தபடி.

விமல்ராஜ் மாமாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

அபிநவ் வந்தபோது ஜேசிபியும் வந்தது, பலகைகளோடு. அபிநவ் ஆட்களைப் பார்த்தார். மூன்றாவது தடவை. முகம் சுருங்கியது.

"என்ன மேஸ்திரி?"

காசிநாதன் சொன்னார். பாவு இறுகியது, கடப்பாரை சாய்ந்தது, தண்ணீர் போன கோடு. சொல்லும்போதே அது அவருக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பாவு இறுகியதால் வேலையை நிறுத்தினேன் என்று ஒரு மேஸ்திரி சொல்கிறான்.

அபிநவ் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய்த் தெருவுக்குள்ளிருந்து கோட்டை அணுகினார். குப்புறப் படுத்தார். ஆள் எடை ஓரிடத்தில் விழக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. ஈர மணலை விரலால் ஒதுக்கி, கோட்டில் கம்பியை விட்டார். கம்பி தானாக இறங்கியது. முழங்கை ஆழம். தோள் ஆழம். அவர் கையை விட்டதும் மொத்தமும் உள்ளே போய்விட்டது.

எழுந்தபோது சட்டை முழுவதும் மணல்.

"யாராவது உள்ளே இருந்தாளா?"

காசிநாதன் தலையை ஆட்டினார். "இருந்தான். நான்தான் எறக்கனேன்."

அபிநவ் விமல்ராஜின் முதுகைப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். "பலகை அடிக்க இனிமே ஆளை இறக்க முடியாது. அந்தச் சுவரை நாமளே தள்ளிடணும்."

"ரெண்டு குழாய் உள்ள கெடக்குது சார். நேத்து போட்டது. எல்லாம் மூடிடும்."

"மூடட்டும்."

"குடிநீர்க் குழாய் ஒடையும்."

"வால்வை மூடச் சொல்லி போன் பண்றேன். அந்தோணி, வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துவேள்?"

அந்தோணி ஜேசிபியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தாண்ட நிக்க மாட்டேன் சார். இந்த முனையில, தகடு இருக்கற பக்கம் நின்னு கைய நீட்டறேன்."

தண்ணீரை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. தெருவிலிருந்து எல்லோரையும் மூன்று வீடு பின்னால் தள்ளினார்கள். சாலையில் ஷேர் ஆட்டோக்களை நிறுத்திவைத்தார்கள். அந்தோணி வாளியை நீட்டி மண்மேட்டின் முதுகில் அழுத்தினார்.

விழவில்லை.

யாரோ செருமினார்கள். அந்தோணி வாளியை எடுத்து, இன்னும் சற்றுப் பின்னால் வைத்து அழுத்தினார். வண்டியே ஒரு பக்கம் தூக்கியது. மண்மேடு நசுங்கியது. சுவர் நின்றது.

விமல்ராஜ் எழுந்து நின்றான். பதினோரு பேரும் காசிநாதனைப் பார்த்தார்கள். ஷேர் ஆட்டோவுக்குள் இருந்தவர்களும் பார்த்தார்கள். அவர் கை தானாக ஏணிக்குப் போய், அங்கே ஏணி இல்லை என்று தெரிந்து, திரும்பியது. ஏணியை அவரே மேலே இழுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாவது முறை வாளி கடப்பாரைக்குப் பக்கத்தில் இறங்கியது.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு மூட்டையைத் தரையில் வைப்பது போல. கோட்டிலிருந்து விளிம்புவரை முழுத் தரையும் ஒரே துண்டாகக் குழிக்குள் உட்கார்ந்தது. குடிநீர்க் குழாய் முறிந்து, மிச்சத் தண்ணீர் ஒரு தடவை பீறிட்டு ஓய்ந்தது. தூசி எழுந்து அடங்கியபோது அந்த எட்டடியில் குழி இல்லை. சாலை மட்டத்துக்கு மூன்றடி கீழே மணல். கடப்பாரையின் தலை ஒரு சாண் தெரிந்தது.

முனிசாமி மெல்வதை நிறுத்தியிருந்தார்.

கடைசியில் விமல்ராஜ்தான் கேட்டான். மாமாவை அல்ல, அபிநவை.

"சார், தள்ளலன்னா விழுந்திருக்குமா?"

அபிநவ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கோடு இருந்த இடத்தைப் பார்த்தார். "சொல்ல முடியாது," என்றார். "இன்னிக்கே விழுந்திருக்கலாம். ஒரு வாரம் நின்னிருக்கலாம்."

"மூணு தடவ தள்ள வேண்டியதாச்சு."

"ஆமா."

"மேல கேட்டா இன்னா சொல்வீங்க?" என்றார் காசிநாதன்.

"நான்தான் தள்ளச் சொன்னேன்னு சொல்வேன். லைனை மாத்தறதும் மாத்தாததும் அவா இஷ்டம்." அபிநவ் சட்டையிலிருந்து மணலைத் தட்டினார். போகவில்லை. ஈர மணல்.

அன்றும் மறுநாளும் யாரும் லைனை மாற்றவில்லை. மாற்றமாட்டோம் என்றும் சொல்லவில்லை. காசிநாதன் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். அந்தோணி மணலை அள்ளியள்ளி டிராக்டரில் போட்டார். விளிம்பில் ஒரு கூடை மண்ணைக்கூட வைக்க விடவில்லை. டிராக்டர் செவிலிமேட்டுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் கொட்டிவிட்டு வந்தது. சரிந்த இடத்தைச் சரிவாகவே விட்டு அகலப்படுத்தினார்கள். நாலடி தோண்டியதும் மேலிருந்தபடியே முதல் வரிசைப் பலகைகளை இறக்கி, முட்டுக் கொடுத்து, அதற்குப் பிறகே அடுத்த அடிக்குப் போனார்கள். ஆழம் கூடக்கூடப் பலகையும் கூடியது. வேலை நத்தைபோல் நகர்ந்தது. குடிநீர் இல்லாத வீடுகளிலிருந்து குடத்தோடு வந்து சண்டை போட்டார்கள். விமல்ராஜ் முட்டுக் கட்டைகளை அறுத்தான், தூக்கினான், அளவு சொன்னான். மாமாவிடம் மட்டும் பேசவில்லை. பேச வேண்டியதை முனிசாமியிடம் சொன்னான். முனிசாமி இரண்டடி தள்ளி நின்ற காசிநாதனிடம் அதையே திரும்பச் சொன்னார். "மச்சான் கேக்கறாரு, அஞ்சாவது முட்டு எங்கேன்னு. நடுவுல நான் ஒரு தபால்காரன்."

மூன்றாம் நாள் பகலில் பழைய குழாய் தெரிந்தது. நசுங்கியிருந்தது. இருபுறமும் பலகைகள் அடிவரை இறங்கி நின்றன. காசிநாதன் மேலே நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஒவ்வொரு முட்டையும் தட்டினார். தெருமுனைக்குப் போய்த் தரையைப் பார்த்தார். பெருக்கித் துடைத்தாற்போல் வெறும் தரை. திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

விமல்ராஜ் ஏணியை இறக்கி, அதன் தலையை முட்டுக் கட்டையோடு சேர்த்துக் கட்டினான். ஹெல்மெட்டை மாட்டினான். ஒரு காலைப் படியில் வைத்தான். அங்கேயே நின்றான். முனிசாமியைத் தேடினான். அவர் டீக்கடையில் இருந்தார்.

"எறங்கலாமா?" என்றான், மாமாவைப் பார்த்து.

காசிநாதன் சாலையைப் பார்த்தார். தூரத்தில் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். கடந்தது. காலடியில் தரை அதிர்ந்தது, அடங்கியது. அவர் குனிந்து விளிம்பைப் பார்த்தார்.

"இரு," என்றார்.